சில்லறை மாற்றிய கை

503இலிருந்து 267ஐக் கழிக்க வேண்டும். தரம் 4இல் படிக்கும் ஒரு சிறுமி 364 என்று எழுதியிருக்கிறாள். புத்தளத்துக்குத் தெற்கே, மதுரங்குளியை அடுத்த கனமூலையில் ஒரு வகுப்பறையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் தென்னந்தோப்பு, மறுபக்கம் களப்புக் காற்று. இந்த அத்தியாயத்துக்காக நான் கட்டிக்கொண்ட வகுப்பறைதான் இது. ஆனால் 364 என்ற விடை கற்பனையல்ல. கழித்தல் படிக்கும் பிள்ளைகளின் கொப்பிகளை எந்த நாட்டில் புரட்டினாலும் இந்த வகைப் பிழை கண்ணில் படும். மேலே 3, கீழே 7. மூன்றில் ஏழு போகாது. ஆகவே ஏழில் மூன்றைக் கழித்து 4. பூச்சியத்தில் ஆறு போகாது. ஆகவே 6. ஐந்தில் இரண்டு போனால் 3. ஒவ்வொரு நிரலிலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழிப்பது என்று அவளிடம் ஒரு சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தை அவள் பிசகாமல் பின்பற்றியிருக்கிறாள்.

இவளுக்கு மூன்று பேர் உதவுகிறார்கள் என்று வைப்போம். வீட்டில் நானா கொப்பியை வாங்கி, 364ஐ வெட்டி, 236 என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பின்னேர வகுப்பில் படிப்பிப்பவர் கரும்பலகையில் ஒவ்வொரு படியாகச் செய்துகாட்டினார்: "ஐந்தை வெட்டி நாலு போடு, பூச்சியத்தை வெட்டி ஒன்பது போடு, மூன்றைப் பதின்மூன்றாக்கு." அவள் பார்த்து எழுதினாள். மூன்றாவது ஆள் வகுப்பு டீச்சர். அவர் செய்ததைப் பின்னால் விரிவாகப் பார்ப்போம். மூன்று பேரின் உதவிக்குப் பிறகும் கொப்பியில் இருப்பது 236 என்ற ஒரே விடைதான். கொப்பியை மட்டும் பார்ப்பவருக்கு மூன்றும் ஒன்றே. கற்றல் உளவியலோ மூன்றாவதை மட்டும் வேறு பெயரால் அழைக்கிறது.

அதற்கு முன் ஒரு விடயம் தெளிவாக வேண்டும். மூன்று உதவிகளும் நடந்தது சரியான இடத்தில்தான். அந்தக் கணக்கு அவளுக்கு எட்டாததும் அல்ல, ஏற்கெனவே கைவந்ததும் அல்ல. தனியே விட்டால் தவறுகிறாள். ஒருவர் கூட இருந்தால் முடிக்கிறாள். அந்த இடைவெளிக்கு ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகோட்ஸ்கி இட்ட பெயர்தான் அண்மை வளர்ச்சி வலயம். வலயம் என்றதும் நம்மூர் ஆசிரியர்களுக்கு வலயக் கல்விப் பணிமனைதான் நினைவுக்கு வரும். இந்த வலயத்துக்கு நிலப்பரப்பு கிடையாது. ஒரு பிள்ளை, ஒரு வேலை, கூட இருக்கும் ஒரு ஆள் ஆகிய மூன்றுக்கும் நடுவில்தான் இது இருக்கிறது. மூன்றில் ஒன்று மாறினாலும் எல்லை நகர்ந்துவிடும்.

வைகோட்ஸ்கி 1896இல் பிறந்து, 1934இல் காசநோயால் இறந்தவர். இந்தக் கருத்தை அவர் எழுதியது வாழ்வின் கடைசிச் சில ஆண்டுகளில். அவருடைய விளக்கம் எளிமையானது. தனியே கொடுத்த சோதனையில் இரண்டு பிள்ளைகள் எட்டு வயது மட்டத்தில் நிற்கிறார்கள். வழக்கமாகச் சோதனை அங்கேயே முடிந்துவிடும். வைகோட்ஸ்கி முடிக்கவில்லை. இன்னும் கடினமான கணக்குகளைக் கொடுத்து, கொஞ்சம் உதவியும் செய்து பார்க்கச் சொன்னார். முதல் அடியைத் தொடங்கிக் கொடுக்கலாம், வழிகாட்டும் கேள்வி கேட்கலாம், செய்துகாட்டலாம். அப்போது ஒரு பிள்ளை பன்னிரண்டு வயது மட்டக் கணக்குகள் வரை போகிறது. மற்றது ஒன்பதோடு நின்றுவிடுகிறது. இருவரும் ஒரே மட்டத்தில் இருக்கிறார்கள் என்று இனி எப்படிச் சொல்வது என்பதே அவர் கேள்வி. தனியே செய்வது நேற்றைய வளர்ச்சியைக் காட்டுகிறது. துணையோடு செய்வது நாளை பழுக்கப்போவதைக் காட்டுகிறது.

அவர் உதவியை இங்கே ஓர் அளவுகோலாகப் பயன்படுத்தினார். பிள்ளை எதுவரை போகும் என்று அறிவதற்கான கருவி அது. அந்த உதவியை எப்படிக் கொடுத்தால் பிள்ளை நாளை தனியே செய்யும் என்ற செய்முறையை அவர் விரிவாக எழுதிவைக்கவில்லை. கல்வியியல் விரிவுரைகளில் 'வைகோட்ஸ்கியின் சாரக்கட்டு' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். அது சரியல்ல. அந்தச் சொல் அவருடையதல்ல. அவர் இறந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பிறகு, 1976இல், டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ரொஸ் என்ற மூவர் எழுதிய ஒரு கட்டுரையில்தான் அது இந்தப் பொருளில் நிலைபெற்றது. வைகோட்ஸ்கியின் நூல் 1962இல் ஆங்கிலத்தில் வந்தபோது முன்னுரை எழுதியவர் இதே புரூனர். இருந்தும் 1976ஆம் ஆண்டுக் கட்டுரை வைகோட்ஸ்கியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. இரண்டு கருத்துகளையும் ஒன்றாகத் தைத்தவர்கள் பின்னால் வந்தவர்கள்.

சாரம் என்றால் எங்கள் கரையில் இடுப்பில் உடுப்பதுதான் முதலில் நினைவுக்கு வரும். இங்கே சொல்வது மேசன்மார் சுவரோரம் கட்டும் சாரத்தை. கமுகு மரமும் கயிறும் வைத்துக் கட்டுவார்கள், சுவர் எழும்ப எழும்ப உயர்த்துவார்கள், பூச்சு முடிந்ததும் கழற்றிவிடுவார்கள். கழற்றாமல் விட்ட சாரத்தின் மேல் ஒரு வீடு நிற்கிறது என்றால் அந்த வீட்டில் யாரும் குடியேற மாட்டார்கள்.

அந்த 1976 ஆய்வில் இருந்தது ஒரு மரப் பொம்மை. 21 கட்டைகளைச் சேர்த்தால் ஆறு தட்டுக் கோபுரம் ஒன்று உருவாகும். உச்சியில் ஒற்றைக் கட்டை, அதன் கீழே ஒவ்வொரு தட்டுக்கும் நான்கு கட்டைகள். குமிழும் குழியும் சரியாகப் பொருந்தினால்தான் இரண்டு கட்டைகள் இணையாகும், இரண்டு இணைகள் ஒரு தட்டாகும். மூன்று, நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் முப்பது பேர் தனித்தனியே வந்தார்கள். ஆய்வாளர்களில் ஒருவரான கெயில் ரொஸ்தான் பயிற்றுநர். முதலில் பிள்ளையைத் தன்போக்கில் விளையாட விடுவார். பிறகு ஓர் இணையைச் சேர்த்துக் காட்டுவார், அல்லது பிள்ளை தானே ஒன்றைச் சேர்த்திருந்தால் இன்னும் அப்படிச் செய்யச் சொல்வார். முடிந்தவரை வாயால் சொல்வது, அது பலிக்காவிட்டால் மட்டும் கையால் காட்டுவது என்பது அவர் வைத்துக்கொண்ட ஒழுங்கு.

மூன்று வயதுப் பிள்ளைகள் ரொஸ் சொன்னதைப் பெரும்பாலும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர்களிடம் அவருடைய முக்கிய வேலை, ஓடும் கவனத்தைத் திரும்பக் கட்டைகளுக்கு இழுத்துவருவதாகவே இருந்தது. நான்கு வயதினரோ சொன்னதைக் கேட்டுத் திருத்தினார்கள். ஐந்து வயதினர் தாங்களே கட்டிவிட்டு 'சரியா' என்று நிமிர்ந்து பார்த்தார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது ஒரு தலையசைப்பு. ஒரே ஆள், ஒரே பொம்மை, மூன்று வேறு வேலைகள். இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. மூன்று வயதினரால் சரியான இணையைச் செய்ய முடியவில்லை. ஆனால் சரியாக இணைந்ததை 'இது சரி' என்று அடையாளம் காண அவர்களால் ஓரளவு முடிந்தது. செய்யத் தெரிவதற்கு முன்னரே, சரியான முடிவு எப்படி இருக்கும் என்று தெரிய ஆரம்பிக்கிறது. அந்தத் தெரிதலில்தான் பயிற்றுநர் கால் ஊன்றுகிறார். அது இல்லாத பிள்ளைக்குக் கொடுக்கும் எந்த உதவியும் வெறும் கட்டளையாகவே போய்ச்சேரும்.

டேவிட் வுட் இதே பொம்மையை வைத்துத் தாய்மாரையும் பிள்ளைகளையும் கவனித்தார். டேவிட் மிடில்டனோடு சேர்ந்து 1975இல் அவர் வெளியிட்ட ஆய்வில் உதவியை ஐந்து மட்டங்களாகப் பிரித்தார். மிக லேசானது பொதுவாகத் தூண்டும் சொல்: "இப்ப என்ன செய்யலாம்?" அடுத்தது குறிப்பான சொல்: "பெரிய கட்டை ஒன்று எடு." மூன்றாவது, எந்தக் கட்டை என்று தொட்டுக் காட்டுவது. நான்காவது, பொருத்த வசதியாக அதைத் திருப்பி வைத்துக் கொடுப்பது. ஐந்தாவது, முழுவதையும் செய்துகாட்டுவது. எந்தத் தாய் எந்த மட்டத்தில் உதவினார் என்பதைவிட, பிள்ளை என்ன செய்ததும் அவர் மட்டத்தை எந்தப் பக்கம் நகர்த்தினார் என்பதே முக்கியமாக இருந்தது. பிள்ளை தவறினால் உடனே ஒரு படி கூடுதலாகக் கைகொடுப்பது, சரியாகச் செய்தால் அடுத்த முறை ஒரு படி குறைப்பது என்ற இந்த நகர்வைக் கடைப்பிடித்த தாய்மாரின் பிள்ளைகள் பிறகு தனியே நன்றாகக் கட்டினார்கள். 1978இல் ஒரு பயிற்றுநரை வைத்து இதை நேரடியாகச் சோதித்தார்கள். சொல்லால் மட்டும் வழிகாட்டுதல், செய்து மட்டும் காட்டுதல், இரண்டுக்கும் இடையே தாவுதல், பிள்ளையின் செயலுக்கேற்ப நகர்தல் என்று நான்கு விதங்கள். கடைசி விதத்தில் பயின்றவர்களே தனியே விட்டபோது முன்னால் நின்றார்கள்.

இனி நம் சிறுமியிடம் வருவோம். நானா கொடுத்ததும் பின்னேர வகுப்பில் கிடைத்ததும் ஐந்தாம் மட்ட உதவி. ஐந்தாம் மட்டம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. சில வேளை அதுதான் தேவை. ஆனால் இருவருமே அவள் எந்த இடத்தில் நிற்கிறாள் என்று பார்க்காமல் அங்கே போய்விட்டார்கள். போனவர்கள் திரும்பி இறங்கவும் இல்லை. அவளுடைய சட்டம் அவளிடமே பத்திரமாக இருக்கிறது. நாளை 804இலிருந்து 369ஐக் கழிக்கச் சொன்னால் 565 என்றுதான் எழுதுவாள். பின்னேர வகுப்பை அவள் மறக்காவிட்டால் இன்னும் சிக்கல்: 'பூச்சியத்தை ஒன்பதாக்கு' என்பது காரணமில்லாத மந்திரமாக ஒட்டிக்கொண்டு, தேவையில்லாத பூச்சியங்களையும் ஒன்பதாக்கத் தொடங்குவாள்.

வகுப்பு டீச்சர் முதலில் கேட்டார்: "இத எப்படிச் செஞ்ச மகள், எனக்குச் சொல்லு."

"மூணுல ஏழு போகாது டீச்சர். அதால ஏழுல மூணக் கழிச்சன்."

இந்த ஒரு வரிக்காகத்தான் அந்தக் கேள்வி. பிழை எங்கே என்று டீச்சருக்கு இப்போது தெரியும். கவனமின்மையோ வாய்பாடு மறந்ததோ காரணமல்ல. அடுத்து அவர் முதல் மட்டத்தில் தொடங்கினார்: "விடை சரியா எண்டு எப்படிப் பாக்கலாம்?" சிறுமி பேசாமல் நின்றாள். ஒரு படி கூட்டினார்: "364ஓட 267ஐக் கூட்டிப் பாரு." கூட்டினாள். 631 வந்தது. அவள் முகம் மாறியது. கழித்து மிஞ்சியதையும் கழித்ததையும் சேர்த்தால் பழைய 503 வர வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. மூன்று வயதுப் பிள்ளை சரியான இணையை அடையாளம் கண்டதைப் போன்றது இது. கால் ஊன்ற இடம் கிடைத்துவிட்டது.

"ஒண்டுகள்ல மூணுதான் ஈக்கு. ஏழு வேணும். எங்கேருந்து எடுப்ப?"

"பக்கத்துல." பக்கத்தில் பூச்சியம். பென்சில் அங்கேயே நின்றுவிட்டது.

இப்போது டீச்சர் ஒன்று செய்யவில்லை. '547இலிருந்து 263' என்று பூச்சியமில்லாத லேசான கணக்கு ஒன்றைக் கொடுத்திருக்கலாம்; பலர் அப்படித்தான் செய்வார்கள். அது வேலையைச் சுருக்குவது. சாரம் வேலையைச் சுருக்குவதில்லை. பூச்சியம் பூச்சியமாகவே நிற்கிறது, அதைக் கடக்க அவள் தாங்க வேண்டிய பாரம் மட்டும் குறைகிறது. பக்கத்தில் இருந்த மற்ற ஒன்பது கணக்குகளையும் ஒரு தாளால் மூடிவிட்டு, அட்டையில் வெட்டிய நூறு ரூபா நோட்டு ஐந்தையும் ஒரு ரூபாக் குற்றி மூன்றையும் மேசையில் வைத்தார். பக்கத்தில் ஒரு டப்பா, அதற்குள் பத்து ரூபாக்களும் ஒரு ரூபாக்களும். "கடைக்கு 267 ரூபா குடுக்கணும். குடு பாப்பம்."

இது மூன்றாம் மட்டம். பொருளைக் காட்டியாயிற்று, செய்முறையைச் சொல்லவில்லை. சிறுமி இரண்டு நூறு ரூபாக்களை நகர்த்தினாள். அறுபது கொடுக்கப் பத்து ரூபா ஒன்றும் இல்லை. கொஞ்சம் யோசித்து ஒரு நூறை நீட்டினாள்: "மாத்தித் தாங்க." கடையில் நூறு முறை பார்த்த காரியம் அது. பத்துப் பத்து ரூபாக்கள் வந்தன. ஆறு கொடுத்தாள், நான்கு மிஞ்சியது. ஏழு ரூபா கொடுக்க வேண்டும், கையில் மூன்று. இப்போது யாரும் சொல்லாமலே ஒரு பத்தை மாற்றினாள். பதின்மூன்றில் ஏழு போய் ஆறு. மேசையில் இரண்டு நூறு, மூன்று பத்து, ஆறு ஒன்று.

பல வகுப்புகளில் பாடம் இங்கே முடிந்துவிடும். காசு, குச்சி, பாசிமணி என்று பொருள்களை வைத்துச் செய்ததும் பிள்ளைக்கு விளங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறோம். மேசைக்கும் கொப்பிக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருப்பதை மறந்துவிடுகிறோம். அட்டை நோட்டைக் கொண்டு அவள் சரியாகச் செய்தது, அட்டை நோட்டு இருக்கும்வரை சரியாகச் செய்வாள் என்பதற்கு மட்டுமே அத்தாட்சி. சாரம் உண்மையில் வேலை செய்யத் தொடங்குவது இதற்குப் பிறகுதான்.

அடுத்த கணக்கு 604இலிருந்து 358. காசு மேசையில் இருந்தது, ஆனால் ஒரு நிபந்தனை: ஒவ்வொரு முறை மாற்றும்போதும் அதைக் கொப்பியில் குறிக்க வேண்டும். நூறு ஒன்றை மாற்றினால் 6ஐ வெட்டி 5 எழுதி, பத்துகளில் 10 எழுது. அதில் ஒன்றை மாற்றினால் 10ஐ வெட்டி 9, ஒன்றுகளில் 14. வெட்டி எழுதுவது என்பது கை செய்த காரியத்தின் பதிவு என்று இங்கேதான் அவளுக்குப் புரிகிறது. டீச்சர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மாத்தினதுக்குப் பொறகு காசு கூடிட்டா, கொறஞ்சிட்டா?" அவள் எண்ணினாள். ஐந்நூறு, தொண்ணூறு, பதினான்கு. 604 தான். விடை 246.

மூன்றாவது கணக்கில், 702இலிருந்து 465, காசை ஒரு பெட்டியால் மூடினார். "உள்ளுக்கு என்ன நடக்கும் எண்டு நெனச்சி எழுது." அவள் 7ஐ 6 ஆக்கினாள், பத்துகளில் 10 எழுதினாள், ஒன்றுகளில் 12 எழுதினாள். ஆனால் பத்துகளில் இருந்த 10ஐ 9 ஆக்கவில்லை. விடை 247 வந்தது, பத்து கூடுதல். உதவியைக் குறைத்தால் பிழை திரும்பி வரும் என்பது இந்த வேலையில் எதிர்பார்க்க வேண்டிய விடயம். அதைக் கண்டு பயந்து மறுபடி கரும்பலகைக்குப் போய் முழுவதையும் செய்துகாட்டுகிறவர் சாரத்தை அடியோடு திரும்பக் கட்டுகிறார். டீச்சர் ஒரு படி மட்டுமே ஏறினார்: "ஒண்டுகளுக்கு வந்த பத்து எங்கேருந்து வந்த?" சிறுமி பெட்டியைத் தூக்கி எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் மூடிவிட்டு 10ஐ வெட்டி 9 எழுதினாள். 237.

நான்காவது கணக்குக்கு டீச்சர் பக்கத்தில் நிற்கவில்லை. அடுத்த வாங்குக்குப் போய்விட்டார்.

உதவியின் அளவைப் பார்த்தால் டீச்சர் நானாவைவிட அதிகம் கொடுத்தார், நேரமும் அதிகம் செலவிட்டார். ஆகவே 'சாரம் என்பது குறைந்த உதவி' என்று சொல்வது தவறு. 'விடையைச் சொல்லாமல் கேள்வி கேட்பது' என்பதும் தவறு. வேறுபாடு இரண்டு இடங்களில் இருக்கிறது. டீச்சரின் ஒவ்வொரு அடியும் சிறுமி சற்று முன் செய்ததிலிருந்து பிறந்தது. முந்திய நாளே எழுதிவைத்திருக்க முடியாது. இன்னொன்று, உதவி மேசையில் வைக்கப்பட்ட கணத்திலேயே அதை எடுப்பதற்கான வழியும் கூடவே இருந்தது. காசு வந்தது, பதிவு வந்தது, பெட்டி வந்தது, பிறகு டீச்சரே போய்விட்டார். முன்னர் டீச்சர் கேட்ட 'சரியா எண்டு எப்படிப் பாக்கலாம்' என்ற கேள்வியை இப்போது சிறுமி தானே கூட்டிப் பார்த்துத் தீர்த்துக்கொள்கிறாள். பொறுப்பு கை மாறிவிட்டது. இந்த இரண்டும் இல்லாதது எவ்வளவு அன்பான உதவியாக இருந்தாலும் உதவி மட்டுமே. உதவி தேவைப்படும் நேரங்களும் உண்டு. காய்ச்சலோடு வந்த பிள்ளைக்குப் பந்தியை எழுதிக் கொடுத்துவிட்டுப் படுக்க வைப்பதில் ஒரு குறையும் இல்லை. அதைக் கற்பித்தல் என்று எண்ணிவிட்டால்தான் சிக்கல்.

கேள்வி வடிவில் வரும் உதவி எப்படி ஏமாற்றும் என்பதற்குச் சொல்வதெழுதலைப் பாருங்கள். பேச்சில் ழகரமும் ளகரமும் ஒன்றாகிவிட்ட ஊர்களில் 'மழை' என்று சொன்னால் பிள்ளை 'மளை' என்று எழுதும். ஆசிரியர் இதைக் கண்டுவிட்டு, நாக்கை மடித்து, 'மழ்ழ்ழை' என்று அழுத்திச் சொல்கிறார். இப்போது எல்லாக் கொப்பிகளிலும் மழை சரியாக இருக்கிறது. பிள்ளை கற்றது என்ன? டீச்சர் நாக்கை மடித்தால் ழ போட வேண்டும் என்பது. எழுத்தைத் தீர்மானிக்கும் வேலையை ஆசிரியரின் நாக்கே செய்துவிட்டது. பிரான்ஸில் கணிதக் கல்வியை ஆராய்ந்த கீ புருசோ இதற்கு டோபாஸ் விளைவு என்று பெயரிட்டார். மார்செல் பஞோலின் நாடகம் ஒன்றில் டோபாஸ் என்ற ஆசிரியர் இப்படித்தான், உச்சரிக்காத எழுத்துகளை எல்லாம் உச்சரித்துச் சொல்வதெழுதல் நடத்துவார். கணக்கிலும் இது நடக்கும். "பக்கத்துல என்ன ஈக்கு? பூச்சியம். பூச்சியத்துக்குப் பக்கத்துல? அஞ்சு. அஞ்சுல ஒண்டு போனா? நாலு." பத்துக் கேள்விகளுக்கும் பிள்ளை சரியாகப் பதில் சொல்லியிருக்கிறது. எந்தக் கேள்வியை எப்போது கேட்பது என்ற முடிவுதான் அந்தக் கணக்கின் உயிர். அதில் ஒன்றைக்கூடப் பிள்ளை எடுக்கவில்லை.

ஒரு பிள்ளைக்கு ஒரு டீச்சர் என்றால் சரி, முப்பத்தைந்து பேர் இருக்கும் வகுப்பில் என்ன செய்வது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வுட்டும் புரூனரும் ரொஸ்ஸும் பார்த்தது ஒரு பிள்ளையையும் ஒரு பெரியவரையும்தான், வகுப்பறையை அல்ல. கடலுக்கு அப்பால் நம் மொழியிலேயே இதற்கு ஒரு பெரிய முயற்சி நடந்தது. ஆந்திரத்தின் ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளிகளின் முறையைத் தழுவி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் எம்.பி. விஜயகுமார் என்ற ஆட்சிப்பணி அதிகாரி முன்னின்று தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007–08இல் தமிழ்நாடு முழுவதும் தொடக்க வகுப்புகளுக்குப் பரவியது. பாடப்புத்தகத்தை வரிசையாக நடத்துவதற்குப் பதிலாகக் கற்றல் அட்டைகள், அவற்றின் வரிசையைக் காட்டும் ஏணி. பிள்ளை தான் நிற்கும் படியைத் தானே கண்டு அட்டையை எடுக்கும். அந்த அட்டைக்கேற்ப ஆசிரியர் கூட இருக்கும் குழுவிலோ, ஆசிரியர் பாதி மட்டும் உதவும் குழுவிலோ, சக பிள்ளைகளோடு செய்யும் குழுவிலோ, தானே செய்யும் இடத்திலோ போய் உட்காரும். உதவி படிப்படியாக விலகும் ஒழுங்கு உட்காரும் இடத்திலேயே இருந்தது. வகுப்பு முழுவதும் ஒரே பாடத்தில் நில்லாததால், ஆசிரியர் கூட இருக்க வேண்டியவர்கள் ஒரு நேரத்தில் சிலர் மட்டுமே.

இதில் நான் காணும் எல்லை ஒன்று உண்டு. ஏணி எல்லோருக்கும் ஒன்று, அதன் படிகள் முன்கூட்டியே வெட்டப்பட்டவை. உதவி எப்போது குறையும் என்பதை அட்டை தீர்மானிக்கிறது. 364 எழுதிய பிள்ளைக்கும் 247 எழுதிய பிள்ளைக்கும் அடுத்து வருவது ஒரே அட்டைதான். இரண்டும் வேறு நோய்கள் என்று அட்டைக்குத் தெரியாது. ஆசிரியர் அந்தக் குழுவில் உட்கார்ந்து 'எப்படிச் செஞ்ச' என்று கேட்டால் மட்டுமே ஏணி சாரமாகும். நம் செயல்தாள்களுக்கும் இது பொருந்தும். முதல் கணக்கில் எல்லாப் பெட்டிகளும் நிரப்பி, இரண்டாவதில் பாதி நிரப்பி, மூன்றாவதை வெறுமையாக விட்டு அச்சிட்ட தாள்கள் நல்லவை. நானும் பயன்படுத்துவேன். அவற்றிடம் விலகல் இருக்கிறது, கேட்கும் காது இல்லை.

முப்பத்தைந்து பேரின் வகுப்பில் ஒரு ஆசிரியர் செய்யக்கூடியது இதுதான்: பத்து நிமிடம், 503 − 267 என்ற ஒரே கணக்கு, எல்லோரும் தனியே. கொப்பிகளுக்கு நடுவே நடந்தால் மூன்று, நான்கு வகைப் பிழைகளுக்கு மேல் இருக்காது. 364 எழுதியவர்கள் ஒரு மேசையில் அட்டை நோட்டோடு. 246 எழுதியவர்கள், அதாவது பத்தை மாற்றிவிட்டு 9 போட மறந்தவர்கள், இன்னொரு மேசையில் மூடிய பெட்டியோடு. சரியாக எழுதியவர்கள் இவர்களுக்கு உதவலாம், ஒரே நிபந்தனையில்: பென்சிலைத் தொடக்கூடாது. அந்த நிபந்தனை இல்லாவிட்டால் வகுப்புக்குள் முப்பது நானாமார் உருவாகிவிடுவார்கள்.

இரண்டு கிழமை கழித்து நேரக் கணக்கு வருகிறது. 3 மணி 05 நிமிடத்திலிருந்து 1 மணி 40 நிமிடத்தைக் கழிக்க வேண்டும். நம் சிறுமி யாரையும் கேட்காமல் 3ஐ வெட்டி 2 எழுதுகிறாள், 05க்கு முன்னால் ஒன்று போட்டு 105 ஆக்குகிறாள். நூற்றைந்தில் நாற்பது போய் அறுபத்தைந்து. விடை: 1 மணி 65 நிமிடம். எழுதி முடித்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு இருக்கிறாள். அறுபத்தைந்து நிமிடம் என்று யாரும் சொல்லி அவள் கேட்டதில்லை. பிறகு தலையை நிமிர்த்துகிறாள்.

"டீச்சர், ஒரு மணிய மாத்தினா எத்தின நிமிஷம் தருவாங்க?"

டீச்சர் பதில் சொல்லாமல் சுவரில் மாட்டியிருக்கும் மணிக்கூட்டைப் பார்க்கிறார். அவளும் பார்க்கிறாள், பார்த்துவிட்டு 105ஐ வெட்டுகிறாள்.